பிறந்த குழந்தையைப் பாலிசியில் சேர்த்தால் பிரீமியம் எவ்வளவு கூடும்?

வணக்கம் சார். நீலகிரியில் எமரால்டு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட் தோட்டம். நானும் மனைவியும் நான்கு வருடமாக 10 லட்ச ரூபாய்க்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசி வைத்திருக்கிறோம். இப்போதைய பாலிசி 2025 ஜூன் 18 முதல் 2026 ஜூன் 17 வரை. கட்டியது 20,532 ரூபாய். இந்தப் பிப்ரவரி 9 அன்று கோவையில் மகள் பிறந்தாள். பாலிசியில் பிரசவச் செலவு கிடையாது, கையிலிருந்துதான் கட்டினோம். மஞ்சள் காமாலைக்கு இரண்டு நாள் லைட் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். அவளைச் சேர்த்தால் பிரீமியம் ஒன்றரை மடங்கு ஆகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். ஜூனில் எப்படியும் ரினியூவல் வருகிறது, அப்போது சேர்த்தால் போதும் என்கிறார் இன்னொருவர். எனக்கு ஏப்ரலில் 36 முடிகிறது, மனைவிக்கு 31. எவ்வளவு கூடும், எப்போது சேர்ப்பது? பாலிசி நகலை இணைத்திருக்கிறேன்.

*

ஒன்றரை மடங்கு ஆகாது. அந்தக் கணக்கு தலைக்கு இவ்வளவு என்று போடுகிற கணக்கு. ஃப்ளோட்டரில் அப்படிப் போடுவதில்லை. 10 லட்சம் என்பது வீட்டுக்கு ஒரே பானை. எத்தனை பேர் இருந்தாலும் அந்தப் பானையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதனால் கம்பெனி இரண்டு விஷயங்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. வீட்டில் மூத்தவருக்கு என்ன வயது என்பது ஒன்று. பெரியவர்களும் குழந்தைகளும் எத்தனை பேர் என்பது இன்னொன்று.

உங்கள் பாலிசியின் ப்ராஸ்பெக்டஸை எடுத்துப் பார்த்தேன். கம்பெனியின் வெப்சைட்டில் எல்லாரும் பார்க்கலாம். அதன் கடைசிப் பக்கங்களில் கட்டண அட்டவணை இருக்கும். இடமிருந்து வலமாக 2A, 2A+1C, 2A+2C என்று தலைப்புகள். A பெரியவர், C குழந்தை. மேலிருந்து கீழாக 31–35, 36–40 என்று வயது வரிசை. நீங்களும் மனைவியும் இப்போது 2A கட்டத்தில், 31–35 வரிசையில் இருக்கிறீர்கள். போன ஜூனில் உங்களுக்கு 35 வயது. மனைவியின் வயது இங்கே கணக்கில் வராது, மூத்தவர் நீங்கள். அந்தக் கட்டத்தில் இருக்கும் தொகை 17,400. அதே வரிசையில் பக்கத்துக் கட்டத்துக்கு, அதாவது 2A+1C கட்டத்துக்குப் போனால் 21,550. குழந்தைக்காகக் கூடுவது ஒரு முழு வருடத்துக்கு 4,150 ரூபாய். கால் பங்குக்கும் சற்றுக் குறைவு.

நீங்கள் கட்டியது 20,532 ஆயிற்றே, 17,400 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். போன ஜூனில் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 17,400க்கு அது 3,132. இரண்டும் சேர்ந்துதான் நீங்கள் கட்டிய தொகை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு அந்த வரி இல்லை. அதனால் இனிமேல் வரும் எந்தத் தொகையையும் 20,532 உடன் ஒப்பிடாதீர்கள். 17,400 உடன் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் கம்பெனி விலை ஏற்றியிருந்தாலும், வரி போனதில் அது மறைந்துவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் ஜூன் ரினியூவல் நோட்டீஸ். அதில் 21,550 இருக்காது. 24,650 என்று இருக்கும். பார்த்தவுடன், குழந்தையைச் சேர்த்ததற்கு ஏழாயிரம் ஏற்றிவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சு வரும். என்னிடம் வரும் புகார்களில் பாதி இந்த ரகம்தான். நடந்தது வேறு. ஏப்ரலில் உங்களுக்கு 36 முடிவதால், ஜூன் 18 அன்று நீங்கள் 36–40 வரிசைக்கு இறங்குகிறீர்கள். அந்த வரிசையில் 2A மட்டும் 20,300. குழந்தையே பிறக்காமல் இருந்தாலும் நீங்கள் இதைக் கட்டத்தான் வேண்டும். அதாவது 7,250 ரூபாய் உயர்வில் 2,900 உங்கள் பிறந்தநாளால் வந்தது, 4,350 மகளால் வந்தது. இந்த அட்டவணை நான் இன்று பார்த்தது. ஜூனுக்குள் கம்பெனி எல்லாருக்கும் விலையைத் திருத்தினால் அதற்கு மேலும் கொஞ்சம் கூடலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது கிளெயிம் போட்டார்கள் என்பதற்காக உங்களுக்கு மட்டும் தனியாக ஏற்ற முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி அதைத் தடுக்கிறது.

எல்லாக் கம்பெனியும் இப்படிக் கட்டம் போட்டு வைப்பதில்லை. சிலவற்றில் ஒவ்வொருவரின் வயதுக்கும் தனித்தனித் தொகை போட்டு, மொத்தத்தில் ஒரு தள்ளுபடி கொடுப்பார்கள். அங்கேயும் குழந்தையின் தொகை சிறியதாகவே இருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்கள் தங்கள் ப்ராஸ்பெக்டஸைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 4,150 என்பது உங்கள் பாலிசியின் எண், எல்லாருக்கும் பொதுவானதல்ல.

சரி, எப்போது சேர்ப்பது? பெரும்பாலான பாலிசிகளில் வருடத்தின் நடுவில் புது ஆளைச் சேர்க்க இரண்டே பேருக்குத்தான் வழி. புதிதாகத் திருமணமாகி வந்த துணை, புதிதாகப் பிறந்த குழந்தை. மற்றவர்கள் ரினியூவல் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் பாலிசியில் பிரசவச் செலவு இல்லாததால் மகளுக்கு முதல் நாளிலிருந்து பாதுகாப்பு கிடையாது. 90 நாள் முடிந்த பிறகுதான் சேர்க்க முடியும். பிப்ரவரி 9 அன்று பிறந்தவள் மே 10 அன்று 90 நாளை முடிக்கிறாள். அது ஞாயிற்றுக்கிழமை. ஆகவே மே 11, திங்கட்கிழமை முதல் அவளைச் சேர்க்கலாம்.

மே 11 முதல் ஜூன் 17 வரை 38 நாள். நடுவில் சேர்க்கும்போது மீதி நாளுக்கு மட்டும்தான் பணம். 4,150ஐ 365 ஆல் வகுத்து 38 ஆல் பெருக்கினால் 432 ரூபாய் வருகிறது. இங்கே உங்கள் 36 வயது குறுக்கே வராது. பாலிசி தொடங்கிய நாளில் உங்களுக்கு 35, அந்த வருடம் முடியும் வரை அந்த வரிசைதான்.

38 நாளுக்காக இவ்வளவு அலைச்சலா, ஜூனில் சேர்த்தால் என்ன என்று சொன்னவருக்குப் பதில் அந்த 432 ரூபாய் என்ன வாங்கித் தருகிறது என்பதில் இருக்கிறது. உங்கள் பாலிசி விதிகளில் Excl03 என்று ஒரு பிரிவு இருக்கும். எல்லாக் கம்பெனியும் இதே குறியீட்டைத்தான் போட வேண்டும். முதல் 30 நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடையாது, விபத்துக்கு மட்டும் உண்டு என்பது அதன் சாரம். உங்களுக்கும் மனைவிக்கும் அது நான்கு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. மகளுக்கு அவள் சேரும் நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். உங்கள் விதிகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மே 11 அன்று சேர்த்தால் ஜூன் 9 அன்று அந்த 30 நாள் முடிந்துவிடும். ரினியூவலில் ஜூன் 18 அன்று சேர்த்தால் ஜூலை 17 வரை ஓடும்.

ஜூன் பத்திலிருந்து ஜூலை பதினேழு வரை உங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை எமரால்டு, அவலாஞ்சி பக்கம் பலமாக இறங்கும். துணி காயாது, வீட்டுக்குள் ஈரம், ஒருவருக்குச் சளி பிடித்தால் எல்லாருக்கும். நான்கைந்து மாதக் குழந்தை ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வது பெரும்பாலும் நெஞ்சுச்சளி, மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு இவற்றால்தான். எல்லாமே அந்த 30 நாள் விதிக்குள் வருகிற நோய்கள்.

பத்து வருடத்துக்கு முன் கோத்தகிரியில் ஒரு குடும்பம். ரினியூவலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அப்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான்தான். அவர்களும் நம்பிக் காத்திருந்தார்கள். ரினியூவலில் பையனைச் சேர்த்து 21ஆம் நாள் அவனுக்கு மூச்சிரைப்பு. பிராங்கியோலைட்டிஸ் என்றார்கள். இரவோடு இரவாகக் கோவைக்கு இறக்கினார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, பில் 60 ஆயிரத்தைத் தாண்டியது. 30 நாள் முடிய ஒன்பது நாள் பாக்கி. கிளெயிம் நிராகரிக்கப்பட்டது. விதிப்படி கம்பெனி செய்ததில் தவறு சொல்ல இடமில்லை. அந்த அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் அந்தப் பில்லை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் ரினியூவலுக்குப் பத்து நாளே இருந்தாலும் குழந்தையை இப்போதே சேருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு கடிகாரமும் அன்றே ஓடத் தொடங்குகிறது. Excl02 என்ற பிரிவில் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கும். குடலிறக்கம், டான்சில், அடினாய்டு, சைனஸ் அறுவைச் சிகிச்சை போன்றவை அதில் வரும். உங்கள் பாலிசியில் அவற்றுக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும். மே 11 அன்று சேர்ந்தால் 2028 மே 10 அன்று முடியும். அடினாய்டு, டான்சில் தொந்தரவெல்லாம் இரண்டு மூன்று வயதுக்கு மேல்தான் வரும் என்பதால், அதற்குள் இந்தக் காத்திருப்பு தீர்ந்துவிட்டால் நல்லது.

இன்றிலிருந்து மே 10 வரை மகளுக்கு இந்தப் பாலிசியில் எதுவும் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிரசவச் செலவு உள்ள பாலிசிகளிலும், கம்பெனி ஊழியர்களுக்கான குரூப் பாலிசிகளிலும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டு. உங்களுடையதில் அது இல்லை. இப்போது அதை வாங்கவும் முடியாது, பிறந்த பிறகு அந்தப் பிரிவைச் சேர்த்துப் பயனில்லை. இந்தச் சில வாரங்களுக்குத் தோட்டத்துப் பணத்தில் ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருங்கள். அவசரம் என்றால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகத் தயங்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. மே 11 வரட்டும் என்று உட்கார வேண்டாம். ஏப்ரல் மூன்றாவது வாரமே கம்பெனிக்கு மெயில் எழுதுங்கள். பாலிசி எண், மகளின் பிறந்த தேதி, மே 11 முதல் சேர்க்க வேண்டும் என்ற ஒரு வரி, இது போதும். பாலிசியில் மாற்றம் செய்வதற்கான என்டார்ஸ்மென்ட் படிவத்தை அவர்கள் அனுப்புவார்கள், பாலிசி எடுத்தவர் நீங்கள் என்பதால் நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும். சில கம்பெனிகள் குழந்தை பிறந்து இத்தனை நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்று கெடு வைத்திருக்கின்றன, அதைத் தவறவிட்டால் ரினியூவலில்தான் சேர்ப்பார்கள். முன்கூட்டியே எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்று அது ஒன்றுதான். மகள் கோவையில் பிறந்ததால் பதிவும் அங்கேதான் இருக்கும், எமரால்டிலோ உதகையிலோ தேடி அலைய வேண்டாம். ஆஸ்பத்திரி பதிந்து முடித்ததும் crstn.org தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இன்னும் பெயர் வைக்கவில்லை என்றால் பெயர் இல்லாத சான்றிதழையே கொடுங்கள், இன்னாரின் பெண் குழந்தை என்று சேர்ப்பார்கள். பெயரைப் பிறப்புப் பதிவில் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. சேர்த்த பிறகு பாலிசியிலும் மாற்றச் சொல்லுங்கள். அப்போது எழுத்து ஒன்றுகூட மாறாமல் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

படிவத்தில் மகளின் உடல்நிலை பற்றிக் கேள்விகள் வரும். பிறந்த எடை, குறைமாதமா, பிறந்த பின் ஏதாவது சிகிச்சை உண்டா என்று. மஞ்சள் காமாலைக்கு லைட் வைத்ததை எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நகலையும் வையுங்கள். அது வேண்டாம், எழுதினால் பிரச்சினை வரும் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு நாளில் தணிந்த காமாலைக்காக ஒரு குழந்தையை மறுத்ததையோ பிரீமியம் கூட்டியதையோ நான் பார்த்ததில்லை. ஆனால் எழுதாமல் விட்டது பின்னால் தெரியவந்தால், தொடர்ந்து 60 மாதம் ஆகும் வரை எந்தப் பெரிய கிளெயிமிலும் அதைக் காரணம் காட்டிக் கேள்வி கேட்க முடியும். அந்த அறுபது மாதம் மகளுக்கு மே 11இலிருந்துதான் எண்ணப்படும், உங்கள் நான்கு வருடம் அவளுக்கு உதவாது.

பணம் போவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காப்பீட்டுச் சட்டம் 1938இன் 64VB பிரிவுப்படி பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்காது. மெயில் அனுப்பிய தேதி, ஏஜெண்டிடம் காகிதம் கொடுத்த தேதி எதுவும் செல்லாது. 432 ரூபாய் கம்பெனியின் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். லிங்க் வந்தால் அன்றே கட்டுங்கள். மழையில் சிக்னல் போனால் உதகைக்கு வரும்போது கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் தள்ளினால் அந்த ஒரு வாரமும் மகளின் தேதியிலிருந்து போய்விடும்.

பணம் கட்டிய ரசீது மட்டும் போதாது. என்டார்ஸ்மென்ட் ஷெட்யூல் என்ற தாள் வர வேண்டும். அதில் மகள் மூன்றாவது நபராக இருக்கிறாளா, பிறந்த தேதி சரியா, சேர்ந்த தேதி மே 11 தானா என்று பாருங்கள். தேதியை நாள்-மாதம் மாற்றிப் போட்டு 09-02 செப்டம்பர் 2 ஆவது அடிக்கடி நடப்பது. ஒரு வாரத்தில் தாள் வரவில்லை என்றால் போன் செய்து நிறுத்திவிடாதீர்கள், மெயிலில் கேளுங்கள், பதில் கையில் இருக்கட்டும்.

ஜூன் மத்தியில் ரினியூவல் முடிந்ததும் புது ஷெட்யூல் வரும். அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே முதன்முதலில் சேர்ந்த தேதி என்று ஒரு பத்தி இருக்கும். உங்களுக்கும் மனைவிக்கும் நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. மகளுக்கு 2026 மே 11 இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் புது பாலிசி தேதியை எடுத்துக்கொண்டு 2026 ஜூன் 18 என்று அடித்துவிடுவது உண்டு. அப்படியானால் 30 நாளும் 24 மாதமும் அங்கிருந்து மறுபடி தொடங்கிவிடும், 432 ரூபாயும் வீணாகும். தவறாக இருந்தால் அன்றே என்டார்ஸ்மென்ட் தாளை இணைத்துத் திருத்தச் சொல்லி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் திருத்தவில்லை என்றால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியுங்கள், அந்தத் தாள் நகல்கள் இரண்டையும் எனக்கும் அனுப்புங்கள்.